கெடுத்தவரே கட்ட வேண்டும்! பாலாற்றங்கரை தந்த சட்டப் பாடம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்றதும் நமக்குத் தோல் தொழில்தான் நினைவுக்கு வரும். சட்டம் படிப்பவர்களுக்கோ ஒரு வழக்கு நினைவுக்கு வரும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு அது. இன்று நாட்டில் எந்த ஊரில் ஆலைக்கழிவு வழக்கு நடந்தாலும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுவார்கள்.

ஒரு கிலோ தோலைப் பதனிட சுமார் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீர் உப்பும் ரசாயனமும் கலந்த கழிவாக வயல்களிலும் பாலாற்றிலும் போய்ச் சேர்ந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பயிருக்கு உதவாமல் போனதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. கிணறுகள் கெட்டுப்போனதால் பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்காக மைல் கணக்கில் நடந்தார்கள்.

1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இரண்டு கோட்பாடுகள் இந்த நாட்டின் சட்டத்தில் அடக்கம் என்று அதில் அறிவித்தது.

நிரூபிப்பது யார் வேலை?

முதலாவது, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. ஒரு விவசாயி தன் கிணறு கெட்டதற்கு இந்த ஆலைதான் காரணம் என்று ஆய்வக அறிக்கையோடு நிரூபிப்பது லேசான காரியமா? பக்கத்தில் நூறு ஆலைகள் இருந்தால் எதன் கழிவு தன் கிணற்றுக்கு வந்தது என்று எப்படிச் சொல்வார்? அந்தச் சுமையை நீதிமன்றம் ஆலையின் தோளுக்கு மாற்றியது. 'என் தொழிலால் கேடில்லை' என்று ஆலைக்காரர்தான் காட்ட வேண்டும். பெரிய பாதிப்பு வரும் என்ற அச்சம் இருக்கும்போது, 'அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லையே' என்று அரசும் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போட முடியாது.

ஆறு, ஓடை, அணை போன்றவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் ஆலைகள் வரக்கூடாது என்று தமிழக அரசு 1989-லேயே ஆணை போட்டிருந்தது. அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னது இந்தக் கோட்பாட்டின்படிதான்.

இரண்டு கணக்கு

இரண்டாவது, 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்பது. இதில் இரண்டு கணக்கு உண்டு. பாதிக்கப்பட்டவருக்குத் தரவேண்டிய இழப்பீடு ஒன்று. கெட்டுப்போன மண்ணையும் நீரையும் பழையபடி மீட்க ஆகும் செலவு இன்னொன்று. ஊருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டால் ஆற்றுக்கான கணக்கு தீர்ந்துவிடாது.

வசூலுக்கும் வழி சொன்னார்கள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம், எந்த ஆலை எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு போய்ச்சேர வேண்டும் என்று பட்டியல் போடும். கலெக்டர் அதை வசூலிப்பார். தேவைப்பட்டால் நிலவரி பாக்கியை வசூலிப்பது போலவே வசூலிக்கலாம். கட்ட மறுத்தால் ஆலையை மூடலாம். இது தவிர, ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் அமைக்கக் கெடுவும் வைத்தார்கள்.

எங்கே சிக்கியது?

ஆணையம் 2001-ல் வேலூர்ப் பகுதியில் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயித்தது. 2009-ல் இன்னொரு பட்டியலும் வந்தது. ஆனால் கணக்குப் போட்ட வேகத்தில் பணம் கைக்கு வரவில்லை. பிரச்னை மறுபடியும் உச்ச நீதிமன்றம் போனது.

2025 ஜனவரி 30-ல் வந்த தீர்ப்பு வேறொரு வழி சொன்னது. இன்னும் பணம் கிடைக்காதவர்களுக்கு அரசே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதை ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளலாம். வசூல் தாமதமானால் அந்தச் சிரமம் இனி விவசாயியின் தலையில் விழக்கூடாது என்பதே இதன் பொருள். முதல் வழக்குக்கும் இதற்கும் இடையே 34 வருடங்கள்!

மீட்கும் செலவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு கழிவுநீரில் கரைந்துவிடும். வழக்கமான சுத்திகரிப்பில் அது பிரியாது. சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரிக்க வேண்டும். இது செலவு பிடிக்கும் வேலை. அதனால்தான் கழிவுநீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும், அதில் கரைந்துள்ள உப்பின் அளவைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. நிலத்தடி நீரில் ஒருமுறை ஏறிய உப்பை வெளியேற்றுவது அதைவிடக் கடினம். அதனால்தான் பிறகு பணம் கட்டவைப்பதைவிட முதலிலேயே தடுக்கும் கோட்பாட்டுக்கு மதிப்பு அதிகம்.

நம் ஊரில் நடந்தால்?

இப்போது இந்த இரண்டு கோட்பாடுகளும் 2010-ம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்க, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் அவகாசம். தகுந்த காரணம் இருந்தால் 60 நாள் கூடுதலாகக் கிடைக்கலாம். மாசை நிறுத்தச் சொல்லும் மற்ற வழக்குகளுக்கு 6 மாதம்தான். எனவே கிணற்று நீர் நிறம் மாறிய தேதியைக் குறித்துவைத்து, தண்ணீர்ச் சோதனை அறிக்கையையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுத்த புகாரின் நகலையும் பத்திரப்படுத்துங்கள்.