ஒரு ஆர்டர், ரெண்டு பார்சல்: பாதி இப்போ, மீதி அப்புறம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரே ஒரு எண்ணைப் பத்திப் பேசப் போறேன். அந்த எண்ணைத் தப்பா அடிச்சதால, இல்லாத 17 புத்தகங்களை நான் வித்துட்டேன்.

நாகர்கோவில் வடசேரியில ஒரு சின்ன புத்தகக் கடை நடத்துறேன். கடைக்கு ஆள் வர்றதைவிட வெப்சைட்டுக்கு வர்றவங்கதான் அதிகம். புத்தகத் தொழில் இந்த ஊருக்குப் புதுசு இல்ல. சுந்தர ராமசாமி 1988-ல காலச்சுவடு இதழை ஆரம்பிச்ச ஊர் இது. முன்பதிவும் தமிழுக்குப் புதுசு இல்ல. உ.வே.சா. 1887-ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டுவர்றதுக்கு முன்னாடியே, வாங்கிக்கிறோம்னு சொன்னவங்ககிட்ட கையொப்பம் வாங்கினார். நம்ம பதிப்பகங்க இன்னைக்கு 'முன்வெளியீட்டுத் திட்டம்'னு சொல்றது கிட்டத்தட்ட அதேதான்.

இதுல ரெண்டு வகை இருக்கு. புத்தகம் இன்னும் அச்சாகல, தேதி மட்டும் தெரியும்னா அது ப்ரீ-ஆர்டர். ஏற்கெனவே வந்த புத்தகம், தீர்ந்துபோச்சு, மறுபதிப்பு வரணும்னா அது பேக்ஆர்டர். முதல் வகையில பதிப்பகம் பெரும்பாலும் ஒரு தேதியைக் குறிவச்சு வேலை செய்யும், குறிப்பா ஜனவரியில நடக்கிற சென்னைப் புத்தகக் காட்சிக்கு. ரெண்டாவது வகையில அந்தக் கட்டாயம் இல்ல. தேவை எவ்வளவுன்னு பார்த்துட்டுதான் மறுபதிப்பு போடுவாங்க. அதனால பேக்ஆர்டருக்கு நாங்க தேதி போடுறதில்ல. "வந்ததும் சொல்றோம், வேணாம்னா எப்போ வேணா பணத்தைத் திரும்ப வாங்கிக்கலாம்"னு மட்டும் போடுறோம்.

எப்போ பிரிக்கணும்?

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு அக்கா டிசம்பர் 10 அன்னைக்கு நாலு புத்தகம் ஆர்டர் பண்ணாங்க. மூணு கடையில இருக்கு, மொத்தம் 900 ரூபாய். நாலாவது ஜனவரி 5-ல வரப்போற நாவல், முன்பதிவு விலை 400. ஆக மொத்தம் 1,300.

எல்லாம் சேர்த்து அனுப்பினா ஒரே பார்சல்தான், ஆனா கையில இருக்கிற மூணு புத்தகமும் நாலு வாரம் அலமாரியில சும்மா கிடக்கும். பிரிச்சு அனுப்பினா ரெண்டு பார்சல் செலவு. முன்னாடி புத்தகத்துக்குன்னே தபால்துறையில ரெஜிஸ்டர்டு புக் போஸ்ட் குறைஞ்ச கட்டணத்துல இருந்துச்சு, ரெண்டாவது பார்சல் பெரிய பாரமா தெரியாது. 2024 டிசம்பர்ல அதை நிறுத்திட்டாங்க. இப்போ ஒரு பார்சலுக்கு 60 ரூபாய்னு வச்சுக்கிட்டாலும், ரெண்டுக்கு 120.

அதனால நாங்க ஒரு விதி வச்சிருக்கோம். இடைவெளி ஒரு வாரத்துக்குள்ளன்னா சேர்த்து அனுப்புறது. அதுக்கு மேலன்னா பிரிக்கிறது, ரெண்டாவது பார்சல் செலவு எங்களோடது. வேற மாதிரி வேணும்னா பணம் கட்டுற பக்கத்துலயே கஸ்டமர் மாத்திக்கலாம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைச் சொல்றதுதான் முக்கியம். சொல்லாம மூணு புத்தகத்தை மட்டும் அனுப்பினா, பார்சலைப் பிரிக்கிறவங்களுக்கு நாலாவது காணாமப் போன மாதிரிதான் தெரியும். இப்போ முதல் பார்சல்ல ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம்: எந்தப் புத்தகம் மீதி, எந்தத் தேதி.

நாலாவது வராமலே போனா?

அந்த அக்கா 10% தள்ளுபடி கூப்பன் போட்டிருந்தாங்க. 1,300-க்குப் பதிலா 1,170 கட்டினாங்க. ஆயிரத்துக்கு மேலங்கிறதால டெலிவரி இலவசம். இப்போ நாவல் ரத்தாகுதுன்னு வைங்க. எவ்வளவு திருப்பித் தரணும்? 400 இல்ல, 360. ஏன்னா அந்தப் புத்தகத்துக்கு அவங்க உண்மையில கட்டினது அவ்வளவுதான். மீதி மூணுக்கு 810 நிக்குது.

அப்போ ஆர்டர் ஆயிரத்துக்குக் கீழ வந்துடுச்சே, டெலிவரிக்கு 60 பிடிக்கலாமான்னா, கூடாது. புத்தகம் வராதது அவங்க தப்பு இல்ல. அவங்களா மனசு மாறி ரத்து பண்ணா அது வேற. ஆனா அப்பவும், பிடிப்போம்னு முன்கூட்டியே எழுதிப் போட்டிருந்தாதான் பிடிக்கணும்.

தேதி விஷயத்துலயும் கவனம் வேணும். 2020-ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, சொன்ன தேதிக்கு அப்புறம் வந்த பொருளைத் திருப்பி எடுத்துக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. வெள்ளம் மாதிரி நம்ம கையில இல்லாத காரணம்னா மட்டும் விலக்கு. அதனால பதிப்பகம் ஜனவரி 5-ன்னா, நாங்க 12-ன்னு போடுறோம். அதுவும் தள்ளினா, 12 வர்றதுக்கு முன்னாடியே புதுத் தேதியையும் ரத்து பண்ற வழியையும் மெசேஜ்ல அனுப்பிடுறோம்.

அந்த எண்

இனி என் தப்புக்கு வர்றேன். எங்க வெப்சைட் ஓடுறது வூகாமர்ஸ்ல. அதுல ஒவ்வொரு புத்தகத்துக்கும் `Allow backorders?`-னு ஒரு இடம் இருக்கும். `Allow, but notify customer`-னு வச்சா, ஸ்டாக் இல்லைன்னாலும் ஆர்டர் எடுக்கும், பின்னாடி வரும்னு கஸ்டமருக்கும் காட்டும். ஸ்டாக் எண்ணிக்கை சைபருக்குக் கீழ இறங்கிட்டே போகும். நாவலுக்கு 35 முன்பதிவு வந்தப்போ அது -35-ல நின்னுச்சு.

பதிப்பகத்துல இருந்து முதல் தவணையா 30 பிரதி வந்துச்சு. எண்ணிப் பார்த்தேன், கட்டத்துல 30-ன்னு அடிச்சேன். அங்கதான் விழுந்தேன். அந்தக் கட்டத்துல அடிக்கிற எண் பழைய கணக்கோட கூடாது, அதை அழிச்சுட்டு உட்காரும். 35 பேருக்குக் கடன்பட்டிருந்த கணக்கு காணாமப் போச்சு, 30 பிரதி சும்மா இருக்குன்னு வெப்சைட் நம்பிடுச்சு. ரெண்டு நாள்ல இன்னும் 12 பேர், 'ஸ்டாக் இருக்கு'ன்னு பார்த்து வாங்கினாங்க. 47 பேருக்கு வாக்கு, கையில 30. மீதி 17 பேருக்கு ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்.

நான் அடிச்சிருக்க வேண்டியது -5. அதாவது -35-ஓட 30-ஐக் கூட்டணும். வந்த 30-ம் பணம் கட்டின வரிசைப்படி முதல் 30 பேருக்கு. அடுத்த அஞ்சு பேருக்கு ரெண்டாவது தவணை. இப்போ பெட்டியைப் பிரிச்சதும் ஒவ்வொரு பிரதியிலயும் ஆர்டர் எண் எழுதின சீட்டைச் சொருகிடுறோம். இல்லைன்னா கடைக்கு நேர்ல வர்றவர் அலமாரியில பார்த்து எடுத்துட்டுப் போயிடுவார். அந்த விற்பனை வெப்சைட்டுக்குத் தெரியாது.

இன்னொரு இடம், அமைதியா தப்பு நடக்கிற இடம். வூகாமர்ஸ்ல ஆர்டருக்கு 'பாதி அனுப்பியாச்சு'ன்னு ஒரு நிலை தானா கிடையாது. முதல் பார்சலை அனுப்பிட்டு `Completed` போட்டா, முடிஞ்சதுன்னு கஸ்டமருக்கு மெயில் போகும். நம்ம பட்டியல்லயும் அது முடிஞ்ச ஆர்டர். நாலாவது புத்தகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கடைசி பார்சல் போற வரைக்கும் `Processing`-லயே விடுங்க, முதல் பார்சலோட ட்ராக்கிங் எண்ணை ஆர்டர் குறிப்புல எழுதுங்க. ஷாப்பிஃபை பயன்படுத்துறவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, அங்க `Partially fulfilled`-னே ஒரு நிலை இருக்கு.

எங்க கடையில சனிக்கிழமை காலையில ஒரு வேலை உண்டு. பத்து நாளுக்கு மேல `Processing`-ல நிக்கிற ஆர்டரை எல்லாம் வரிசையா திறந்து, மீதி என்ன, சொன்ன தேதி என்னன்னு பார்க்கிறது. அரை மணி நேரம் ஆகும். அந்த 17 ஃபோனுக்கு எனக்கு ஒரு முழு நாள் ஆச்சு.