சாயங்காலம் ஐந்து மணி டைரி

டைரி என்றாலே இரவு படுக்கப் போகும்போது எழுதுவது. காலையில் எழுந்தேன், கல்லூரிக்குப் போனேன், மழையில் நனைந்தேன் என்று எல்லாம் நடந்து முடிந்த கதை. ஆங்கிலத்தில் அதற்கு சிம்பிள் பாஸ்ட்தான் பொருந்தும். ஆரம்ப நிலை மாணவர்களுக்கு பிரசன்ட் பெர்ஃபெக்ட் சொல்லித்தர டைரிப் பயிற்சி தயாரிக்கும் ஆசிரியர் முதலில் சறுக்குவது இங்கேதான். இரவு பத்து மணி டைரியில் வரிக்கு வரி ஹேவ், ஹேஸ் என்று திணித்துவிடுகிறார். இலக்கணப்படி சரியாக இருந்தாலும் அப்படி யாரும் டைரி எழுதுவதில்லை.

பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கு வேலை முடிந்திருந்தால் மட்டும் போதாது. அதன் விளைவு இந்த நிமிடத்தில் கண்ணெதிரே இருக்க வேண்டும். அதனால் பாதி வேலை முடிந்து பாதி பாக்கி இருக்கும் நேரத்தில் டைரியை எழுதவைக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் நாளின் சாயங்காலம் அதற்கு அருமையான நேரம். தேதியோடு மணியையும் தலைப்பில் போட்டுவிட்டால் ‘இப்போது’ எது என்பதில் குழப்பம் வராது.

விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண்ணின் டைரி என்று வைத்துக்கொள்வோம். “ஃப்ரைடே, ஃபைவ் ஓ கிளாக். மை ட்ரெயின் இஸ் அட் நைன். இட் இஸ் ஒன்லி ஃபைவ், பட் ஐ ஹேவ் ஆல்ரெடி பேக்ட் மை பேக். மை ஹேர் இஸ் வெட் பிகாஸ் ஐ ஹேவ் ஜஸ்ட் வாஷ்ட் இட். ஐ ஹேவ் நாட் ஈட்டன் யெட், ஸோ ஐ ஆம் ஹங்ரி. மீனாஸ் ட்ரெயின் இஸ் அட் டென், பட் ஷீ ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட். அம்மா ஆஸ்க்ஸ் ஆன் தி ஃபோன்: ஹேவ் யூ பாட் தி ஸ்வீட்ஸ் யெட்?”

மூன்று சொற்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். ஜஸ்ட், ஆல்ரெடி இரண்டும் ஹேவுக்கும் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்துக்கும் நடுவில் நிற்கின்றன. யெட் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது, அதுவும் இல்லை என்று சொல்லும்போதும் கேள்வி கேட்கும்போதும். பேச்சில் ஆல்ரெடியும் கடைசிக்குப் போவதுண்டு. முதல் பாடத்திலேயே அதைச் சொல்லிக் குழப்ப வேண்டியதில்லை.

கோடிட்ட இடமாக மாற்றும்போதுதான் உண்மையான சிக்கல். “ஐ ஹேவ் டேஷ் வாஷ்ட் மை ஹேர்” என்று மொட்டையாகக் கொடுத்தால் ஜஸ்டும் பொருந்தும், ஆல்ரெடியும் பொருந்தும். விடைத்தாளில் ஒன்று மட்டும் இருந்தால் மற்றதை எழுதிய பிள்ளைக்கு அநியாயமாக மார்க் போகும். கூந்தல் ஈரம் என்ற துப்பு பக்கத்திலேயே இருப்பதால்தான் அங்கே ஜஸ்ட் கச்சிதமாக விழுகிறது. அதேபோல, இப்போது ஐந்து மணிதான், ரயில் ஒன்பதுக்கு என்று சொல்லியிருப்பதால், ‘அதற்குள்ளேயா!’ என்ற வியப்போடு ஆல்ரெடி வருகிறது. யெட் என்றால் இதுவரை நடக்கவில்லை, ஆனால் நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். பசிக்கிறது என்ற சொல் அதைத் தாங்குகிறது. நல்ல பயிற்சித்தாளா என்று பார்க்க, ஒவ்வொரு கோட்டிலும் மற்ற இரண்டு சொற்களையும் போட்டுப் பாருங்கள். அவையும் இயல்பாகப் பொருந்தினால் துப்பு போதவில்லை.

வினைச்சொற்களிலும் கவனம் வேண்டும். பேக்ட், வாஷ்ட் போன்றவற்றுக்கு இரண்டாவது வடிவமும் மூன்றாவது வடிவமும் ஒன்றே. எல்லாமே அப்படி இருந்தால், ஹேவ் பக்கத்தில் மூன்றாவது வடிவம் வர வேண்டும் என்று தெரியாத பிள்ளையும் முழு மார்க் வாங்கிவிடும். ஈட்டன் மாதிரி ஒன்றிரண்டு கலந்திருந்தால்தான் “ஹேவ் நாட் ஏட்” என்று எழுதும் பிள்ளை யார் என்று தெரியும்.

நம் பிள்ளைகள் அதிகம் செய்யும் தவறு வேறொன்று: “ஐ ஹேவ் பேக்ட் மை பேக் எஸ்டர்டே.” நேற்று என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ் கூடாது. இதை விதியாக ஒப்பிக்க வைப்பதைவிட, அதே பெண் மறுநாள் காலை ஊரில் உட்கார்ந்து எழுதும் டைரியை இரண்டாவது பயிற்சியாகக் கொடுக்கலாம். “ஐ பேக்ட் மை பேக் பிஃபோர் ஃபைவ் எஸ்டர்டே. ஐ ஏட் அட் செவன்.” சம்பவம் ஒன்றுதான், எழுதும் நேரம் மாறியதும் ஹேவ் காணாமல் போகிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு விளக்கம் பெரும்பாலும் தேவைப்படாது.

அமெரிக்கப் படங்கள் பார்க்கும் பிள்ளை “ஐ ஆல்ரெடி ஏட்”, “டிட் யூ ஈட் யெட்?” என்று எழுதினால் உடனே சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். அங்கே பேச்சில் அது சர்வ சாதாரணம். நம் பள்ளிகளில் படிப்பது பிரிட்டிஷ் வழி இலக்கணம் என்பதால், பரீட்சையில் மட்டும் ஹேவ் போட்டு எழுதச் சொல்லுங்கள்.