மூன்று முகடுகளால் ஓர் எஸ்டரை அறிதல்

பழ மணமுள்ள நிறமற்ற திரவம் ஒன்றின் மூலக்கூறு வாய்பாடு C4H8O2 என்றும், அது ஓர் எஸ்டர் என்றும் அறியப்பட்டுள்ளதாகக் கொள்வோம். இவ்வாய்பாட்டிற்கு நான்கு எஸ்டர்கள் பொருந்தும். அவை எத்தில் அசெட்டேட், மெதில் புரொப்பியனேட், இரண்டு புரொப்பில் பார்மேட்டுகள் ஆகும். முதலிரண்டின் கொதிநிலைகள் முறையே ஏறத்தாழ 77, 80 பாகை சென்டிகிரேடு ஆதலால், கொதிநிலையைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று.

இத்திரவத்தின் புரோட்டான் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில், டெட்ராமெதில் சிலேனைச் சுழியாகக் கொண்ட அளவில், மூன்று முகடுகள் தோன்றுகின்றன. 1.14-இல் மூன்றாகப் பிளந்த முகடும், 2.32-இல் நான்காகப் பிளந்த முகடும், 3.67-இல் பிளவுறாத முகடும் உள்ளன. இவற்றின் பரப்புகள் 3:2:3 என்ற விகிதத்தில் அமைந்துள்ளன. பார்மேட்டின் ஹைட்ரஜன் 8-ஐ ஒட்டித் தோன்ற வேண்டும். அங்கு முகடு இல்லாமையால் பார்மேட்டுகள் இரண்டும் விலக்கப்படுகின்றன.

மாணவர் பலர் தவறுவது இதற்கடுத்த படியில்தான். மூன்றும் நான்குமாகப் பிளந்த இரு முகடுகள் எத்தில் தொகுதியைக் குறிப்பன என்பது சரியே. ஆனால் அதைக் கண்டவுடன் 'எத்தில் அசெட்டேட்' என்று எழுதிவிடுகின்றனர். மெதில் புரொப்பியனேட்டிலும் எத்தில் தொகுதி உண்டு. அதன் பிளவுகளும் பரப்பு விகிதமும் அவ்வாறே அமையும். ஆகவே பிளவும் பரப்பும் இங்கே தீர்ப்புக் கூறமாட்டா.

தீர்ப்பு முகட்டின் இடத்தில் உள்ளது. ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன்பால் ஈர்ப்பதால், அதனோடு இணைந்த கார்பனின் ஹைட்ரஜன்கள் காப்புக் குறைந்து உயர்ந்த எண்களில் தோன்றுகின்றன. கார்பனைல் தொகுதியை அடுத்தவற்றுக்கு இவ்விளைவு குறைவு. எத்தில் அசெட்டேட்டில் நான்காகப் பிளந்த முகடு 4.12-இலும், பிளவுறாதது 2.04-இலும் இருக்கும். நம் திரவத்தில் இவ்வரிசை தலைகீழாக உள்ளது. 2.32-இல் உள்ள CH2 கார்பனைலை ஒட்டியது, 3.67-இல் உள்ள CH3 ஆக்சிஜனோடு இணைந்தது. எனவே பொருள் CH3CH2COOCH3, அதாவது மெதில் புரொப்பியனேட். 1.14-இல் உள்ள முகடு இதில் உதவாது. எத்தில் அசெட்டேட்டில் அது 1.26-இல் தோன்றுவதால் வேறுபாடு மிகச் சிறிது.

அறிக்கையில் ஒவ்வொரு முகட்டிற்கும் இடம், பரப்பு, பிளவு, பிளவுக் கோடுகளின் இடைவெளி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஒன்றையொன்று பிளக்கும் இரு முகடுகளிலும் அவ்விடைவெளி சமமாக இருக்கும்; இங்கு அது ஏறத்தாழ 7.5 ஹெர்ட்ஸ். அது சமமாக இல்லையெனில் அவ்விரண்டும் ஒரே எத்தில் தொகுதியைச் சார்ந்தவை எனக் கொள்ளலாகாது.

மற்றொரு மயக்கமும் உண்டு. சாறு இறக்கப் பயன்பட்ட எத்தில் அசெட்டேட் முற்றிலும் ஆவியாகாமல் எஞ்சினால், வேறு பொருளின் நிறமாலையிலும் 4.12, 2.04, 1.26 ஆகிய இடங்களில் சிறு முகடுகள் காணப்படும். அவற்றின் பரப்புகள் தமக்குள் 2:3:3 என ஒத்திருந்தும், ஏனைய முகடுகளோடு முழு எண் விகிதத்தில் பொருந்தமாட்டா. டியூட்டீரிய குளோரோபார்மைக் கரைப்பானாகக் கொண்டால், 7.26-இல் தோன்றும் சிறு முகடும் ஆய்பொருளுக்கு உரியதன்று.