விழாத சந்தைக்குக் கட்டும் பிரீமியம்

கலிஃபோர்னியா அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியம் கால்பெர்ஸ். சந்தை சரிந்தால் லாபம் தரும் ஏற்பாடுகளை அது வைத்திருந்தது. செலவு அதிகம் என்று அவற்றைக் கைவிட்டது. சில வாரங்களில், 2020 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை, எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 34 சதவீதம் விழுந்தது. நிதியம் இழந்த லாபம் 100 கோடி டாலருக்கும் மேல் என்று செய்திகள் வந்தன.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறியீடு 5,000-இல் நிற்கையில், 3,750-இல் விற்கும் உரிமையான புட் ஆப்ஷனை வாங்குகிறோம். மூன்று மாதத்தில் அவ்வளவு விழாவிட்டால் கட்டிய பணம் போச்சு. மறுபடி வாங்க வேண்டும். இதற்கு ஆண்டுக்கு 2 சதவீதம் போவதாக வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் வளரும் 100 கோடி, பத்தாண்டில் 259 கோடி ஆகும். 8 சதவீதமானால் 216 கோடிதான்.

விழுந்தாலும் வேகமாக விழ வேண்டும். 2022-இல் அதே குறியீடு சுமார் 19 சதவீதம் இறங்கியது, ஆனால் மாதக்கணக்கில், மெதுவாக. அப்போது தொலைதூர புட்கள் பெரும்பாலும் காசு தராமலே காலாவதியாகின.