துருக்கியில் வலி, ஒவ்வாமை, போலீஸ்: அவசரத் தொடர்களும் அவற்றின் தமிழும்

துருக்கிக்குச் செல்லும் தமிழ்ப் பயணி அங்கே அவசர வேளையில் பேசவேண்டிய தொடர்கள் சொல் ஒழுங்கில் தமிழுக்கு மிக நெருக்கமானவை. வினை கடைசியில் வருவதும், வேற்றுமையும் மரியாதையும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்வதும் இரு மொழிகளுக்கும் பொதுவான இயல்புகளாதலால், அத்தொடர்களை மனப்பாடம் செய்வதைவிடப் பிரித்துப் பார்த்துக் கற்பதே எளிது.

வலியைச் சொல்லும் 'பஷும் ஆருயோர்' என்னும் தொடரில் 'பஷ்' தலையையும், அதனுடன் ஒட்டிய 'உம்' 'என்' என்பதையும், 'ஆருயோர்' வலிக்கிறது என்பதையும் குறிப்பதால், அது 'என் தலை வலிக்கிறது' என்று அப்படியே தமிழாகிறது. வயிற்றுக்குக் 'கர்னும்' என்று முதற்சொல்லை மட்டும் மாற்றினால் போதும். இவற்றில் வரும் உகரம் உதடு குவியாத ஒலி. 'பாட்டு', 'காசு' போன்ற சொற்களின் இறுதியில் ஒலிக்கும் குற்றியலுகரத்தை நாவில் வைத்திருக்கும் தமிழருக்கு, பிற வெளிநாட்டவர் தடுமாறும் இவ்வொலி பெரும்பாலும் தானாகவே வரும். மருத்துவர் எந்த இடம் என்று கேட்டால், உறுப்பின் பெயர் தெரியாதவர் அவ்விடத்தைக் காட்டி 'புரஸு ஆருயோர்', அதாவது 'இந்த இடம் வலிக்கிறது' என்று சொல்லலாம். மூச்சுத் திணறுபவருக்கு இதைவிடவும் இன்றியமையாத தொடர் 'நெஃபெஸ் அலமுயொரும்' என்பதாகும். 'நெஃபெஸ்' மூச்சு, 'அலமுயொரும்' எடுக்க முடியவில்லை என்பது.

ஒவ்வாமைக்கு வரும்போது இலக்கணம் எளிதாகவே இருந்தாலும் பொருள் தடுமாறும் வாய்ப்பு மிகுதி. 'பெனிசிலினெ அலெர்ஜிம் வர்' என்பதில் 'எ' தமிழின் 'கு' உருபுக்கும், 'ம்' 'எனது' என்பதற்கும், 'வர்' 'உண்டு' என்பதற்கும் இணையாவதால், 'பெனிசிலினுக்கு எனக்கு ஒவ்வாமை உண்டு' என்ற பொருள் கிடைக்கிறது. இதே சட்டத்தில் 'ஃபுஸ்துக்' என்னும் சொல்லை அமர்த்தும்போதுதான் சிக்கல் எழுகிறது. அச்சொல் தனித்து நிற்கையில் நிலக்கடலையையும் பிஸ்தாவையும் குறிக்கக்கூடும். பிலாவில் இடப்படும் பைன் மரக் கொட்டைக்கும் அதுவே அடிச்சொல். காசியந்தெப் நகரின் பக்லவா கடையில் ஒருவர் அடைமொழியின்றி 'ஃபுஸ்துக்' என்றால், அவ்வூர் பிஸ்தாவுக்குப் பெயர்போனதாகையால், கடைக்காரர் பிஸ்தாவையே எண்ணிக்கொண்டு வால்நட் வைத்த பக்லவாவைக் காட்டுவது இயல்பு. கேட்டவருக்கு ஆகாதது நிலக்கடலையென்றால், அவர் அறியவேண்டிய செய்தி அந்தப் பதிலில் இல்லவே இல்லை.

ஆகவே நிலக்கடலை ஆகாதவர் 'யெர் ஃபுஸ்தூன அலெர்ஜிம் வர்' என்றும், பிஸ்தா ஆகாதவர் 'அந்தெப் ஃபுஸ்தூன அலெர்ஜிம் வர்' என்றும் முழுப்பெயரால் சொல்லவேண்டும். 'யெர்' என்பது நிலம். எனவே முதற்பெயர் நிலக்கடலை என்னும் தமிழ்ப்பெயரோடு ஒத்திருப்பதால் நினைவில் நிற்கும். தாவரவியலில் நிலக்கடலை அவரைக் குடும்பத்தையும், பிஸ்தா முந்திரியும் மாவும் அடங்கிய குடும்பத்தையும் சேர்ந்தவை. பிஸ்தா ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு முந்திரியும் ஒத்துக்கொள்ளாது என்பதால் அவர்கள் 'காஜு' என்ற சொல்லையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

உணவைக் காட்டி 'புனுன் இச்சிந்தெ யெர் ஃபுஸ்து வர் மு?' என்றால் 'இதற்குள் நிலக்கடலை உண்டா?' என்பது பொருள்; பதில் 'வர்' என்றால் உண்டு, 'யோக்' என்றால் இல்லை. எனினும் துருக்கியர் பலர் வாய் திறவாமல் புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றே பின்னுக்கு அசைத்து, நாக்கால் 'ச்சு' என்று ஒலித்தும் 'இல்லை' என்பர். இதைத் தலையாட்டிய சம்மதமாக எண்ணிவிட வாய்ப்புண்டாகையால், வாய்ச்சொல்லாகவே பதில் பெறுவது பாதுகாப்பு. 'யோக்' என்ற பதிலும் உணவில் சேர்த்த பொருளைப் பற்றியதேயன்றி, ஒரே கத்தியாலும் தட்டாலும் ஒட்டிவரும் துகளைப் பற்றியதன்று.

தொண்டை அடைத்து உதடு வீங்கினால், கையிலுள்ள அட்ரினலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, அருகிலிருப்பவரிடம் 'அம்புலன்ஸ் சாஉருன்' எனக் கேட்கவேண்டும். 'சாஉருன்' என்பதன் ஈற்றிலுள்ள 'உன்' தமிழின் 'ங்கள்' போன்ற மரியாதை விகுதியாதலால், அது 'ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்' ஆகும். போலீசுக்கு 'பொலிஸி அரயுன்', 'போலீசுக்குப் போன் செய்யுங்கள்'. இரண்டுக்கும் எண் 112 ஒன்றே. முன்பு போலீசுக்கு 155, கிராமப்புறங்களைக் காக்கும் ஜந்தர்மா படைக்கு 156 எனத் தனித்தனி எண்கள் இருந்தன. 112-இல் பேசுபவர் 'நெரெதெஸினிஸ்?', அதாவது 'எங்கே இருக்கிறீர்கள்?' என்று கேட்பார். அதற்குத் தெருப்பெயரையோ அருகிலுள்ள பள்ளிவாசலின் பெயரையோ சொல்ல இயலாதவர், பேசியை அங்குள்ள ஒருவரிடம் நீட்டிவிடலாம். கடவுச்சீட்டு திருடுபோனவர் காவல் நிலையத்தில் 'பஸபொர்தும் சலுந்து' என்று சொல்லி, 'துதனாக்' எனப்படும் எழுத்துமூல அறிக்கையின் படியைக் கேட்டு வாங்கவேண்டும். தூதரகத்தில் மாற்று ஆவணம் கோரும்போதும் காப்பீட்டுத் தொகை கேட்கும்போதும் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் அந்தத் தாள்தான்.