காலி இடம் இருந்தும் கிடைக்காத நினைவகம்

சி மொழியில் எழுதும் நிரல், தனக்கு வேண்டிய நினைவகத்தை malloc-இடம் கேட்டு வாங்கும்; வேலை முடிந்ததும் free வழியாகத் திருப்பித் தரும். இந்த இரண்டையும் மாணவர்களே எழுத வேண்டும் என்பது அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினிப் பாடத்தில் பெயர்பெற்ற ஒரு பயிற்சி. கேட்டதைக் கொடுப்பது சுலபம். திரும்பி வந்த இடத்தை மறுபடி பயன்படும்படி வைத்திருப்பதில்தான் சிரமம்.

free-க்கு வருவது ஒரு முகவரி மட்டுமே. அளவை யாரும் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு துண்டின் தலைமாட்டிலும் 8 பைட்டில் அதன் அளவை எழுதி வைக்கிறோம். அது ஹெடர். அதே தகவலைக் கால்மாட்டிலும் எழுதினால் ஃபூட்டர். நிரல் 100 பைட் கேட்டால் இவற்றோடு 116 ஆகும். 16-இன் மடங்காக உயர்த்தினால் 128. அளவு எப்போதும் 16-இன் மடங்கு என்பதால் கடைசி 4 பிட்டுகள் சும்மா கிடக்கும். கடைசி பிட்டில் 1 இருந்தால் துண்டு பயன்பாட்டில் இருக்கிறது, 0 இருந்தால் காலி.

```c
size_t h = *((size_t *)p - 1);
size_t size = h & ~(size_t)15;
int used = h & 1;
```

காலியான துண்டின் உட்பகுதி இனி யாருக்கும் தேவையில்லை. ஆகவே முந்தைய, அடுத்த காலித் துண்டுகளின் முகவரிகளை அங்கேயே எழுதி, எல்லாவற்றையும் ஒரு சங்கிலியாகக் கோக்கலாம். இதுதான் ஃப்ரீ லிஸ்ட். தனியாக இடம் எதுவும் வேண்டாம். ஆனால் எந்தத் துண்டும் 32 பைட்டுக்குக் குறையக்கூடாது.

இப்போது அ, ஆ, இ என அடுத்தடுத்து மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் 128 பைட். மூன்றும் திரும்பி வந்துவிட்டன. நிரல் 300 பைட் கேட்கிறது. ஹெடர், ஃபூட்டரோடு 320 வேண்டும். காலி இடம் 384 இருந்தும், சங்கிலியில் எந்தத் துண்டும் போதாது.

இங்கேதான் ஃபூட்டர் உதவுகிறது. அ, இ ஏற்கெனவே காலியாக இருக்க, கடைசியாக ஆ வருகிறது என்று வையுங்கள். அதன் ஹெடருக்கு 8 பைட் முன்னால் இருப்பது அ-வின் ஃபூட்டர். ஆ முடிந்த இடத்தில் இ-யின் ஹெடர். இரண்டிலும் கடைசி பிட் 0. உடனே அ, இ இரண்டையும் சங்கிலியிலிருந்து கழற்றி, அ-வின் ஹெடரிலும் இ-யின் ஃபூட்டரிலும் 384 என எழுதி, ஒரே துண்டாகச் சேர்க்கிறோம். அதில் 320 போக மீதி 64 காலித் துண்டாக நிற்கும்.

கழற்ற மறந்தால் இ-யின் பழைய முகவரி சங்கிலியிலேயே தங்கிவிடும்; ஒரே இடம் இருவருக்குப் போகும். நிரல் வெகுநேரம் கழித்து, சம்பந்தமில்லாத வரியில் விழும். அதனால் ஹீப்பை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்க்கும் சோதனை ஒன்றை எழுதிக்கொள்வது அவசியம்: ஹெடரும் ஃபூட்டரும் ஒத்துப்போகின்றனவா, பக்கத்துப் பக்கத்தில் இரு காலித் துண்டுகள் உண்டா, காலித் துண்டுகளின் எண்ணிக்கை சங்கிலியோடு பொருந்துகிறதா?

ஆ பயன்பாட்டில் இருக்கும்வரை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதன் முகவரி நிரலின் கையில் இருப்பதால் துண்டை நகர்த்த வழியில்லை. இருபுறமும் காலியாகக் கிடந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.