சில வரிக்கு விலை வருகிறது, சில வரிக்கு வரவில்லை: ஏன்?

எக்ஸெலில் விலைப்பட்டியலைப் பார்த்து விலையை எடுத்து வர VLOOKUP பார்முலா போடுகிறோம். முதல் வரியில் சரியாக வருகிறது. அதையே கீழே இழுத்துவிட்டால் சில கட்டங்களில் விலை வருகிறது, சிலவற்றில் #N/A என்று நிற்கிறது. எல்லா வரியிலும் இருப்பது ஒரே பார்முலா என்று நினைப்பதால்தான் இது புதிராகத் தெரிகிறது. உண்மையில் அது ஒரே பார்முலா இல்லை.

மளிகை மொத்தக் கடை ஒன்றில் பில் போடும் பெண் இப்படித்தான் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியிருந்தார். “அண்ணா, பொருள் லிஸ்ட்ல இருக்கு, நானே பார்த்தேன். ஆனா இல்லைன்னு காட்டுது” என்று கூடவே எழுதியிருந்தார். படத்தின் இடப்பக்கம் ஆர்டர் இருந்தது: A-இல் பொருளின் கோடு எண், B-இல் எத்தனை மூட்டை, C-இல் விலை. வலப்பக்கம் F முதல் H வரை விலைப்பட்டியல்: கோடு, பெயர், விலை. 2-வது வரியில் 101, அடுத்ததில் 102 என்று தொடங்கி 41-வது வரியில் 140 வரை, மொத்தம் 40 பொருட்கள்.

C2 முதல் C5 வரை விலை வந்திருந்தது. C6-இல் கோடு 104, விடை #N/A. C7, C8 இரண்டும் சரி. C9-இல் கோடு 103, மறுபடியும் #N/A. C10-இல் கோடு 118, அதுவும் #N/A. நல்ல வேளையாக, படம் எடுக்கும்போது அவர் C9-ஐத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அதனால் மேலே பார்முலா பட்டையில் இது தெரிந்தது:

```
=VLOOKUP(A9,F9:H48,3,FALSE)
```

இந்த ஒரு வரியிலேயே காரணம் இருக்கிறது. VLOOKUP-க்கு நான்கு விஷயங்களைச் சொல்கிறோம்: எதைத் தேட வேண்டும், எந்தப் பட்டியலில் தேட வேண்டும், அதில் எத்தனையாவது பத்தியில் விடை இருக்கிறது, அச்சாக அதே எண்தான் வேண்டுமா. பட்டியல் 2-வது வரியில் தொடங்கி 41-இல் முடிகிறது. ஆனால் இந்தப் பார்முலா தேடுவது 9-வது வரியிலிருந்து 48 வரை. F9-இல் இருப்பது 108. அதாவது 101 முதல் 107 வரை உள்ள ஏழு பொருட்கள் C9-இன் கண்ணுக்கே படாது. 103-ஐக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும்.

C2-இல் அவர் எழுதியது F2:H41. கீழே இழுக்கும்போது A2 என்பது A3, A4 என்று மாற வேண்டும், அது நமக்குத் தேவை. ஆனால் எக்ஸெல் அதோடு சேர்த்துப் பட்டியலின் எல்லையையும் வரிக்கு ஒரு படி கீழே தள்ளிவிடுகிறது. C7-இல் கோடு 131, C8-இல் 127. அவை பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்ததால் தப்பின. மேல்பகுதியில் இருந்த 104-உம் 103-உம் மாட்டிக்கொண்டன. C3-இல் 102 கிடைத்ததுகூட விளிம்பில்தான், ஏனென்றால் அந்த வரியின் தேடல் சரியாக 102-இல்தான் தொடங்குகிறது.

திருத்தம் எளிது. C2-க்குப் போய், பார்முலாவில் F2:H41 என்பதை முழுதாகத் தேர்ந்தெடுத்து F4 விசையை ஒருமுறை அழுத்தினால் டாலர் குறிகள் விழும். சில லேப்டாப்களில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

```
=VLOOKUP(A2,$F$2:$H$41,3,FALSE)
```

டாலர் போட்ட எல்லை எத்தனை வரி இழுத்தாலும் நகராது. டாலர் போடாத A2 மட்டும் வரிக்கு வரி மாறும். இந்தத் திருத்திய பார்முலாவை மறுபடி கீழே இழுத்ததும் C6, C9 இரண்டிலும் விலை வந்துவிட்டது.

C10 மட்டும் மசியவில்லை. பழைய படத்தைக் கவனித்துப் பார்த்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும். அந்த வரியின் பழைய தேடல் 109-இல் தொடங்கியது, 118 அதற்குள்ளேதான் இருந்தது. ஆகவே எல்லை நகர்ந்தது C10-க்குக் காரணமாக இருக்க முடியாது. படத்தில் A10 மற்ற எண்களைப் போல வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டியிருந்தது, மூலையில் சிறு பச்சை முக்கோணமும் இருந்தது. வேறொரு மென்பொருளிலிருந்து காப்பி செய்து ஒட்டியதால், அந்த 118 எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எக்ஸெலுக்கு எண் 118 வேறு, எழுத்து 118 வேறு. அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் வரும் மஞ்சள் எச்சரிக்கைக் குறியைச் சொடுக்கி, Convert to Number என்பதைத் தேர்ந்தால் தீர்ந்தது. எண் இடப்பக்கம் ஒட்டியிருந்தும் பச்சை முக்கோணம் இல்லையென்றால், எண்ணோடு கண்ணுக்குத் தெரியாத இடைவெளி சேர்ந்து வந்திருக்கலாம். காலிக் கட்டம் ஒன்றில் =LEN(A10) போட்டுப் பாருங்கள். மூன்று இலக்க எண்ணுக்கு 4 என்று வந்தால் இடைவெளி இருக்கிறது. எண்ணை அழித்துவிட்டுக் கையால் அடித்தால் போதும்.

காரணம் தெரியாதபோது இரண்டு குறுக்கு வழிகள் கைக்கு எட்டும். இரண்டுமே ஆபத்தானவை. ஒன்று, IFERROR சேர்த்து #N/A-க்குப் பதிலாக 0 வரச் செய்வது. ஷீட் சுத்தமாகத் தெரியும், ஆனால் அந்த மூட்டைகள் விலையில்லாமல் பில்லில் போகும், மொத்தத் தொகை குறையும், எந்த வரி என்று யாருக்கும் தெரியாது. மற்றொன்று, கடைசியில் உள்ள FALSE-ஐ எடுத்துவிடுவது. அப்போது எக்ஸெல் அதே எண்ணைத் தேடாது. கிடைக்காவிட்டால் அதைவிடச் சிறியவற்றில் பெரியது எதுவோ அதை எடுத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத 145-ஐக் கேட்டால், 140-இன் விலையைத் தயங்காமல் தரும். #N/A வந்தால் நின்று பார்ப்போம். தப்பான விலை வந்தால் பில் கடையை விட்டே போய்விடும்.

டாலர் போட்ட பிறகும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாளை 141 என்ற புதுப் பொருளை 42-வது வரியில் சேர்த்தால், $H$41-இல் முடியும் எல்லைக்கு அது வெளியே நிற்கும். புதுப் பொருட்கள் அடிக்கடி சேரும் கடையாக இருந்தால், அந்தப் பத்திகளில் வேறெதுவும் இல்லாத பட்சத்தில் $F:$H என்று பத்திகளையே முழுதாகக் கொடுத்துவிடலாம். அதேபோல பெயருக்கும் விலைக்கும் நடுவே ஒரு பத்தியை நுழைத்தால், பார்முலாவில் உள்ள 3 தானாக 4 ஆகாது; நடுவில் வந்த பத்தியையே விலை என்று எடுத்து வரும்.

இப்படி ஒரு பிழையை யாரிடமாவது கேட்க வேண்டியிருந்தால், #N/A வந்த கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பார்முலா பட்டை, வரி எண்கள், பத்தி எழுத்துகள், விலைப்பட்டியலின் முதல் வரி எல்லாம் விழும்படி படம் எடுங்கள். விலை சரியாக வந்த ஒரு கட்டத்தையும் தேர்ந்தெடுத்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டு பார்முலாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது நகர்ந்தது என்று கேட்பவருக்கே தெரிந்துவிடும்.

திருத்திய பிறகு சோதிப்பதும் இதே கணக்குதான். ஆர்டரின் கடைசி வரியில் முதலில் 101-ஐப் போட்டுப் பாருங்கள், பிறகு 140-ஐ, பிறகு பட்டியலில் இல்லாத ஓர் எண்ணை. முதல் இரண்டுக்கும் விலைப்பட்டியலில் உள்ள அதே விலை வர வேண்டும், மூன்றாவதற்கு #N/A வர வேண்டும். மூன்றும் அப்படியே வந்தால் அந்த ஷீட்டில் பில் போடலாம்.